வியாழக்கிழமைன்னு எழுது

கோமளா மலாக்காவின் தெங்கேரா பகுதியில் காரை நிறுத்தியபோது வெள்ளிக்கிழமை காலை மணி ஏழரை. எட்டு மணிக்கு வீட்டுக்காரர் ருக்கையாக்கா சாவியோடு வருவதாகப் பேச்சு. ஆனால் அந்த நீளமான பழைய வீட்டின் கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசலில் சுரேனின் வேன் நின்றது. அதன் கண்ணாடியில் இரவுப் பனி இன்னும் காயவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வீரமுத்து. பெஞ்சில் சாய்ந்து, வலது காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டியிருந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். மலாக்காவில் எந்தக் கல்யாணம், எந்த நாடகம் என்றாலும் லைட்டு பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கணுக்கால் சின்னப் பூசணி மாதிரி வீங்கி, தோல் கருநீலமாக மின்னியது.

"என்னண்ணே இது?"

அவர் கண்ணை மட்டும் உள்முற்றத்தின் பக்கம் திருப்பினார்.

வானம் பார்த்த அந்த முற்றத்தின் சிமெண்டுத் தரையில் ஒரு துணி விரித்து, அதன்மேல் கேமராவை வைத்திருந்தார்கள். கேமரா என்று சொல்வதற்கு அதில் பாதிதான் மிச்சம். லென்ஸ் தனியாக, திரை தனியாக. பக்கத்திலிருந்த பழைய கண்ணாடி அலமாரியின் முகப்பு நொறுங்கி, துண்டுகள் ஒரு மூலையில் கூட்டி ஒதுக்கப்பட்டிருந்தன. அண்ணாந்து பார்த்தாள். மாடியின் பலகைத் தரையில் ஓர் ஆள் தொடை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது.

மாடிக்கு யாரும் போகக் கூடாது என்று அவளே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாள். வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கே ருக்கையாக்கா சொல்லிவிட்டார்: "மேல பலகை உளுத்துப் போச்சும்மா. கீழ என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. மேல மட்டும் ஏறாதீங்க." அதை ஆறாவது விதியாகப் போட்டு, பக்கத்தில் சுரேனைத் தனியாகக் கையெழுத்துப் போடவும் வைத்திருந்தாள்.

சுரேன் பின்கட்டிலிருந்து வந்தான். முப்பத்து நாலு வயது டைரக்டர். படம் எடுக்கும் கம்பெனி அவனுடையது, கம்பெனியின் ஒரே இயக்குநரும் அவன்தான். அரை மணி நேரத் தமிழ் நாடகம் ஒன்றை நாலு நாளில், வெள்ளி முதல் திங்கள் வரை, எடுத்து முடிப்பதாகத் திட்டம். கோமளா அதற்குத் தயாரிப்பு நிர்வாகி.

"அக்கா, நல்ல வேள வந்தீங்க. ஒன்னும் டென்ஷன் ஆவாதீங்க. எல்லாம் பேசிட்டேன்."

"எப்ப நடந்துச்சு?"

"இன்னிக்குக் காலைல. ஏழு மணி இருக்கும். செட்டப் பண்ணும்போது."

கோமளா வீரமுத்துவின் காலைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் கால் இப்படிக் கறுக்காது. பதினோரு வருஷம் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் இழப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். பொய்க் காயத்தையும் மெய்க் காயத்தையும் போதுமான அளவு பார்த்தவள்.

"வீரமுத்தண்ணே, நீங்க சொல்லுங்க. எப்ப?"

அவர் தலை குனிந்துகொண்டார். "நேத்து சாயங்காலம்மா. ஆறு மணி."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"இல்ல. சுரேன் தம்பிதான் காலைல போலாம்னுச்சு. இப்பப் போனா சீட்டுல வியாழக்கிழமைன்னு தேதி விழும்னு."

ஒரு மனிதன் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்தக் காலோடு இந்தப் பெஞ்சில் கிடந்திருக்கிறான். எதற்கு? ஒரு சீட்டில் ஒரு தேதி விழாமல் இருக்க.

"நீ மனுஷனாடா?" என்றாள். சத்தம் போடவில்லை.

"அக்கா, கேளுங்கலா. இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமைதானே ஆரம்பம்? நேத்துன்னு சொன்னா ஒரு காசு வராது. கிஷன்கிட்ட இரவல் வாங்குன கேமராவுக்கு யாரு பதில் சொல்றது? எல்லாருக்கும் நல்லதுக்குத்தான..."

"முதல்ல வேன் சாவியக் குடு."

படப்பிடிப்பு உதவிக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு வீரமுத்துவைத் தூக்கி வேனில் ஏற்றச் சொன்னாள். பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னாள். ஏறும்போது வீரமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னான்னு சொல்லட்டும்மா அங்க?"

"நடந்தத சொல்லுங்க. நேத்து சாயங்காலம் ஆறு மணி, வேல செய்யும்போது பலகை உடஞ்சி விழுந்தேன்னு. அரசாங்கத்தோட சொக்சோ தொழிலாளர் காப்புறுதில, சொந்தத் தொழில் திட்டத்துல ஜனவரியிலயே உங்களப் பதிஞ்சி வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கா? அது வருஷம் முழுக்க ஓடுது. வேலையில அடிபட்டதுன்னு சீட்டுல இருந்தாத்தான் அவங்ககிட்ட கேக்க முடியும். வேற எதையும் சொல்லாதீங்க."

"ரெண்டு தடவ வேணாம்னு சொன்னேம்மா. வெயில் போவுது, ஒரே ஒரு ஷாட்டுண்ணேன்னு தம்பிதான்..." வேன் கிளம்பியது.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது சுரேன் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?"

"திவாகருக்கு. அப்பவே அனுப்பிட்டேன்க்கா. போட்டோ, எல்லாம். இப்ப எத்தன மணிக்கு வருவாருன்னு கேக்கறேன்."

திவாகர் புக்கிட் காத்திலில் அலுவலகம் வைத்திருக்கும் காப்புறுதி முகவர். கோமளா கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். ஏழு மணி இருபது நிமிடத்துக்குப் போயிருந்தது செய்தி. இன்று காலை ஏழு மணிக்குப் படப்பிடிப்பு ஏற்பாட்டின்போது கேமரா தவறி விழுந்தது, இழப்பீடு கோருகிறோம். கீழே கம்பெனி பெயர், இவன் பெயர்.

அவள் தன் பையைத் திறந்து நீல நிறக் கோப்பை எடுத்தாள். பாலிசி நகலைப் புரட்டி அவன் முன்னால் நீட்டினாள்.

"படி."

"அக்கா..."

"கையெழுத்து போட்டீல்ல? இப்பவாவது படி. முதல் பகுதி, கருவிகள். எந்தத் தேதியிலேர்ந்து?"

அவன் விரலை வைத்துத் தேடினான். உதடு அசைந்தது. பிறகு நின்றது.

"வியாழக்கிழமை... மத்தியானம் பன்னெண்டு."

"ஏன்னு தெரியுமா? கிஷன் வீட்டு வாசலத் தாண்டுன நிமிஷத்துலேர்ந்து அந்தக் கேமரா நம்ம பொறுப்பு. ஷூட்டிங் என்னிக்குன்னு கேமராவுக்குத் தெரியாது. அதனால எடுக்கப் போற நாள்லேர்ந்து திருப்பிக் குடுக்கற நாள் வரைக்கும் போடுங்கன்னு திவாகர்கிட்ட நாந்தான் கேட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் வரிசை எண், மதிப்பு, எல்லாம் எழுதி. நேத்து ஆறு மணிக்கு ஒடஞ்ச கேமராவுக்கு நேத்தே பாதுகாப்பு இருந்துச்சுடா."

சுரேன் முகம் முதலில் மலர்ந்தது. "அப்ப ஓகேதானக்கா! பிரச்சன இல்லலா!"

கோமளா அவனுக்கே உறைக்கட்டும் என்று நின்றாள். அது உறைத்தபோது அவன் முகம் மெல்ல வெளுத்தது.

"நான்... இன்னிக்குன்னு எழுதிட்டேனே."

"ஆமா. உண்மையச் சொல்லியிருந்தா கெடைக்க வேண்டியத, பொய்யச் சொல்லி மோசடி ஆக்கி வச்சிருக்க. பொய்த் தகவல் குடுத்தா மொத்தத்தையும் மறுக்கலாம்னு இதுலயே போட்டிருக்கு. அதுக்குத்தான் அந்த ஆள ராத்திரி பூரா வலியில படுக்க வச்சியா?"

திவாகரை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அக்கா, இப்பத்தான் மெசேஜ் பாத்தேன். கார்ல இருக்கேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னும் அனுப்பல."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அக்கா, அந்த மெசேஜ நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது. என் லைசன்ஸ் போயிரும்."

"இருக்கச் சொல்லல. என்ன செய்யலாம், அதச் சொல்லு."

"சரியான விவரத்த அவரே எழுதணும். கம்பெனி டைரக்டர் அவரு. முதல்ல அனுப்புனது தப்பு, ஏன் தப்பா எழுதுனாரு, உண்மையில என்னிக்கு, எத்தன மணிக்கு, எங்க, யாரெல்லாம் இருந்தாங்க. ரெண்டையும் சேத்துத்தான் அனுப்புவேன். மதிப்பீட்டாளர் வருவாரு, கேள்வி கேப்பாரு. குடுப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஆனா உடனே திருத்துனா பேச ஒரு வழி இருக்கு. ஒடஞ்சத ஒன்னையும் தூக்கிப் போட்டுறாதீங்க. கண்ணாடித் துண்டு உள்பட."

"சரி." போனை வைத்துவிட்டுச் சுரேனைப் பார்த்தாள். "உக்காரு. வியாழக்கிழமைன்னு எழுது."

அவன் உட்கார்ந்தான். ஆனால் எழுதவில்லை. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் புது யோசனை ஒன்று மினுங்கியது.

"அக்கா, ஒன்னு கேக்கறேன். வீட்டுப் பலகைதான உளுத்துப் போயிருந்துச்சு? அது வீட்டுக்காரங்க பொறுப்புதானே? ஆபத்தான வீட்ட வாடகைக்கு விட்டது அவங்க. நாமதான் அவங்கமேல கேஸ் போடணும். அண்ணனோட காலுக்கும் அவங்க..."

கோமளா கையிலிருந்த கோப்பை மேசையில் அறைந்தாள். முற்றம் முழுக்க எதிரொலித்தது.

"வாடகையா? ஒரு வெள்ளிக் காசு வாங்குனாங்களா அவங்க? தமிழ் நாடகம் எடுக்கறீங்கன்னு சும்மா விட்ட வீடுடா! மேல ஏறாதீங்கன்னு வாயாலயும் சொன்னாங்க, எழுத்துலயும் இருக்கு, அதுக்குக் கீழ உன் கையெழுத்து இருக்கு. எச்சரிச்ச எடத்துல எச்சரிச்சதையே மீறி ஏறி, ஒரு ஆள ஏத்தி, கால ஒடச்சி, கேமராவையும் கீழ போட்டு, இப்ப அவங்கமேல கேஸா? ஒன்பதாவது விதியப் படி. நம்மளால வீட்டுக்கு என்ன ஆனாலும் நாம சரி பண்ணித் தரணும். வேற யாராவது அவங்களக் கேட்டாலும் நாமதான் முன்ன நிக்கணும்."

"அப்ப அதுக்கும் இன்சூரன்ஸ் இருக்குல்ல? பொறுப்புக் காப்புறுதின்னு தனியாக் கட்டுனமே?"

"இருக்கு. சாதாரணமா, நம்ம கையில இருக்கற வீட்டுக்கு வர்ற சேதத்த அதுல சேக்க மாட்டாங்க. தனியா கேட்டு, விதி போட்டுச் சேத்தேன். அது வெள்ளிக்கிழமை காலைலேர்ந்து. ஏன்னா வீட்ட வெள்ளிக்கிழமையிலேர்ந்துதான் நமக்குக் குடுத்தாங்க. அதுலயும் கீழ்த்தளம் மட்டும்."

"அப்ப பலகை, அலமாரி... யாரு?"

"நீ."

சுரேன் மாடியின் ஓட்டையை அண்ணாந்து பார்த்தான்.

"சாவி எப்படி உன் கைக்கு வந்துச்சு?" என்று கேட்டாள் கோமளா. அவன் முற்றத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நேத்து கடைக்குப் போயி... சாமான் மட்டும் எறக்கி வைக்கணும்னு கேட்டேன். நீங்க அனுப்புனதாச் சொன்னேன்."

கோமளாவுக்கு அந்த இடத்தில்தான் உண்மையான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. தன் பெயரை ஒரு சாவியாக எடுத்து ஒரு கதவைத் திறந்திருக்கிறான். அவனை அறைந்துவிடுவோமோ என்று பயந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"எழுது," என்றாள் மறுபடியும்.

எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாடி என்பதை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தான். எழுத வைத்தாள். வீரமுத்து வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னதை விட்டிருந்தான். அதையும் எழுத வைத்தாள். திவாகருக்கு அனுப்பிய பிறகு நடிகர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்துப் படப்பிடிப்பு இல்லை என்று சொன்னாள். உடைந்த பலகையையும் கேமராவையும் கண்ணாடியையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு சுரேனைக் காரில் ஏற்றிக்கொண்டு ருக்கையாக்காவின் கடைக்கு ஓட்டினாள்.

துணிக்கடை. ருக்கையாக்கா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண்ணுக்குச் சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தார். கோமளாவைப் பார்த்ததும் சிரித்தார். பின்னால் வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணுக்குத் துணியை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, "சொல்லும்மா," என்றார்.

சுரேன்தான் சொல்ல வேண்டும் என்று கோமளா வாயை மூடிக்கொண்டாள். அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு, ருக்கையாக்கா அவனைப் பார்க்காமல் கோமளாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீ அனுப்புனேன்னு சொன்னதாலதான் சாவி குடுத்தேன் கோமளா. ஒரு போன் பண்ணிக் கேக்கணும்னுகூட எனக்குத் தோணல."

"தெரியும்க்கா."

"வீடு எம்பேருல மட்டும் இல்ல. தம்பி அஹமது பேரும் இருக்கு. அவன்கிட்டயும் கையெழுத்து வேணும்னு நீ அலஞ்சு வாங்குனப்ப, இந்தப் பொண்ணு சரியாப் பண்ணுதுன்னு நெனச்சேன். இப்ப அவனுக்கு என்னான்னு சொல்வேன்? போலீசுல ரிப்போட் பண்ணுன்னு நிப்பான்."

"பண்ணுங்கக்கா. பண்ண வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்."

ருக்கையாக்கா அளவுகோலை மேசைமேல் நேராக வைத்தார். "அந்த ஆளு காலு எப்படி இருக்கு?"

"எக்ஸ்ரே எடுக்கறாங்க."

அப்போதுதான் அவர் சுரேன் பக்கம் திரும்பினார். "ராத்திரி பூரா எங்க வீட்டுல ஒரு ஆளு வலியில கெடந்திருக்காரு. எனக்குச் சொல்லணும்னு தோணலியா உனக்கு? நான் வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே." அவர் குரல் உடைந்தது. அடுத்த நொடியே கடினமானது. "சாவியக் குடு. உங்க சாமான இன்னிக்கே எடு. பலகையும் அலமாரியும் நான் சொல்ற ஆசாரிதான் செய்வாரு. காசு நீ நேரா அவருக்குக் குடுக்கணும். அந்த வீட்டுல இனி படமும் இல்ல, கிடமும் இல்ல."

சுரேன் தலையாட்டினான். அவர் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கோமளாவிடம் எப்போதும் கேட்பவர், அன்று கேட்கவில்லை.

தங்கா பத்துவிலிருந்த கிஷன் வீட்டுக்கு அவள் தனியாகத்தான் போனாள். கிஷன் கல்யாண வீடியோ எடுப்பவன். இருபத்தொன்பது வயது. வீட்டின் முன்னறைதான் அவனுக்கு ஸ்டூடியோ. உடைந்த கேமராவின் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, வெளியே போய், திரும்பி வந்தான்.

"அடுத்த ஞாயிறு எனக்குக் கல்யாணம் இருக்குக்கா. போன வருஷமே புக் பண்ணது. நான் எதுல எடுப்பேன்? என் சொந்த இன்சூரன்ஸுல கேட்டா, மத்தவங்களுக்குக் குடுத்தப்ப ஒடஞ்சதுன்னா செல்லாதுன்னு சொல்லிட்டாங்கன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்லா."

"சொன்ன. அதனாலதான் எங்க பாலிசில போட்டேன். ஆனா அது கேமராவுக்கு மட்டுந்தான். கேமரா இல்லாம நீ படற நஷ்டத்துக்கு அதுல எடமில்ல. அதுக்குத்தான் இந்தக் கடிதம்." இரவல் கடிதத்தைப் பிரித்தாள். "புதுசு கையில வர்ற வரைக்கும் இதே தரத்துல ஒன்ன கம்பெனி வாடகைக்கு எடுத்துத் தரணும். இழப்பீட்டுல முதல்ல கழிக்கற தொகையும் கம்பெனியோடது. சுரேன் கையெழுத்து இருக்கு. வாடகைக் கேமரா திங்கக்கிழமை உன் வீட்டுக்கு வரும். வரலன்னா எனக்குப் போன் அடி."

கிஷன் கடிதத்தைப் படித்தான். கோபம் தணியவில்லை. தணியவும் அவள் எதிர்பார்க்கவில்லை.

"சும்மாதான குடுத்தேன்க்கா," என்றான். "ஒரு காசு வாங்காம. சுரேன் அண்ணன், தம்பி தம்பின்னு பழகுனாரே."

"ஆமா."

"இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"குடுக்காத," என்றாள் கோமளா.

வீரமுத்துவுக்குக் கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. முந்தின நாளே வந்திருந்தால் வீக்கம் ஏறும் முன்பே வைத்தியம் தொடங்கியிருக்கலாம், இப்போது வீக்கம் வடியக் காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி மீனம்மா போனில் சொல்லி அழுதார். கோமளா அந்த வாக்கியத்தை அப்படியே சுரேனுக்கு அனுப்பினாள். அவன் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றிருக்கிறான். மீனம்மா அவனைக் கட்டில் பக்கமே விடவில்லை.

மதிப்பீட்டாளர் அடுத்த புதன்கிழமை வந்தார். வரிசை எண்ணைச் சரிபார்த்தார். பலகையை அளந்தார். வீரமுத்துவின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். கடைசியாகக் கோமளாவை உட்கார வைத்துக் கேட்டார்: மாடி ஆபத்து என்று சுரேனுக்குத் தெரியுமா? தெரியும் என்றாள். முதல் செய்தி பொய் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? அன்று காலை ஏழரைக்குப் பிறகு என்றாள். ஒன்பது மணிக்குத் திருத்தம் போயிருக்கிறது என்று அவர் குறித்துக்கொண்டார். சுரேனைக் காப்பாற்ற அவள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மூழ்கடிக்கவும் சேர்க்கவில்லை.

ஏழு வாரம் இழுத்தது. கடிதம் மேல் கடிதம். வேண்டுமென்றே செய்த அஜாக்கிரதையா என்று ஒருமுறை கேட்டார்கள். பொய்த் தகவலைப் பற்றி இருமுறை கேட்டார்கள். முடிவில் கேமராவுக்கான தொகையைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இந்தக் கம்பெனிக்குப் பாலிசி புதுப்பிக்க மாட்டோம் என்ற வரியும் அதே கடிதத்தில் இருந்தது. வீட்டுச் சேதத்துக்கு ஒன்றும் இல்லை. ஆசாரிக்குக் கொடுக்கச் சுரேன் தன் வேனை விற்றான். வீரமுத்துவுக்குச் சொக்சோவிலிருந்து பணம் வரத் தொடங்கியது. ஆனால் அவர் இன்னும் ஏணியில் ஏறுவதில்லை.

கிஷனிடம் புதுக் கேமரா போய்ச் சேர்ந்த அன்று, கோமளா நீலக் கோப்பைச் சுரேனின் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அவன் மேசையில் வைத்தாள். இரண்டு மாதமும் ஒரு காசு கேட்காமல் இந்த ஒரு வேலையை மட்டும் முடித்திருந்தாள்.

"அக்கா," என்று அவன் எழுந்து நின்றான். "வேற வீடு பாத்துட்டேன். புக்கிட் காத்தில்ல. அடுத்த மாசம் எடுத்துறலாம். இந்தத் தடவ நீங்க சொல்ற ஒவ்வொரு வரியும் படிக்கறேன். சத்தியமா."

"படிக்கறதுக்கு ஆளு பாத்துக்க," என்றாள் கோமளா. "என் பேரச் சொல்லி இனி எங்கயும் கதவு தட்டாத. தட்டுனன்னு தெரிஞ்சா, போலீசுக்கு நானே போவேன்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். கோபம் போய்விட்டிருக்கும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. காரைக் கிளப்பி, வீரமுத்துவின் வீட்டுக்கு ஓட்டினாள்.